மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஒயில்? போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

சாமான் வாங்கும்போது பொதியைத் திருப்பிப் பார்ப்பது நம் வியாபாரிகளின் பழக்கம். திகதி, நிறை, விலை மூன்றையும் பார்த்த பிறகுதான் காசை எண்ணுவோம். ஆனால் கடையின் மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் ஒயில் வாங்கும்போது மட்டும் "நல்லதா ஒண்டு தாங்க" என்று கேட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தக் கவனயீனத்தால் கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்துவிட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாவனல்லையிலிருந்து சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் பலசரக்குச் சாமான் விநியோகிப்பதற்காக எங்களிடம் மூன்று வாகனங்கள் இருக்கின்றன. ஒன்று 100 சிசி பஜாஜ், ஒன்று ஹீரோ, மற்றது பட்டணத்துக்குள் ஓடுவதற்கு ஒரு ஹொண்டா ஸ்கூட்டர். பஜாஜ் வண்டிதான் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்திலும் அரநாயக்கப் பக்கமும் ஓடுவது. சென்ற வருடம் கார் உதிரிப்பாகம் விற்கும் நண்பர் ஒருவர் நான்கு லீற்றர் கான் ஒன்றை விலை குறைத்துத் தந்தார். முழு சிந்தெற்றிக், 5டபிள்யூ-30, புத்தம் புதிய காருக்கு ஊற்றும் சாமான். விலை கூடிய ஒயில் என்றால் வண்டிக்கும் நல்லதுதானே என்று நினைத்து, பஜாஜுக்கு அதையே ஊற்றச் சொன்னேன்.

இரண்டு மூன்று வாரம் கழிந்திருக்கும். வண்டி ஓட்டும் தம்பி வந்து, "முதலாளி, ஏத்தத்துல சத்தம் மட்டும்தான் கூடுது, வண்டி இழுக்குதில்ல" என்றான். கராஜில் காட்டியதில் கிளச் தட்டுகள் வழுக்குவதாகச் சொன்னார்கள். புதுத் தட்டு, கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. "நீ கிளச்ச அரைவாசி பிடிச்சிக்கிட்டு ஓட்டுறதாலதான் இந்தச் செலவு" என்று ஏசிவிட்டு, அதில் பாதியை அவன் சம்பளத்தில் கழித்தேன். "இல்ல முதலாளி, நான் அப்படி ஓட்டுறல்ல" என்று ஒரு தடவை சொன்னான். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. பழுது பார்த்து முடிந்ததும், மிச்சம் வீணாகக் கூடாதென்று அதே கானில் இருந்த ஒயிலைத்தான் மறுபடியும் ஊற்றச் சொன்னேன்.

ஒன்றரை மாதத்தில் மீண்டும் அதே குறை. இம்முறை வேறொரு பாஸிடம் கொண்டு போனேன். கழற்றிய தட்டுகளை அவர் அளவுகருவியால் அளந்து பார்த்தார். தடிப்பு புதிதுக்குச் சமமாக இருந்தது. "தட்டு தேயவே இல்ல முதலாளி. தேயாத தட்டு எப்படி வழுக்கும்? என்ன ஒயில் ஊத்தினீங்க?" என்று கேட்டார். கானைக் கொண்டு வந்து காட்டினேன். பின்பக்கத்து வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் விரலை வைத்தார். "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று எழுதியிருந்தது. "இதுதான் உங்க கிளச்ச வழுக்க வெச்சது" என்றார்.

அவர் அன்று விளக்கியதையும், அதன் பிறகு நானாகத் தேடி அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெரும்பாலான கார்களில் கிளச் எஞ்சினுக்கு வெளியே உலர்ந்த இடத்தில் இருக்கிறது. ஒயில் அதைத் தொடுவதில்லை. நமது மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் குளித்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சினுக்கு வழுக்கல் வேண்டும், கிளச் தட்டுக்கோ பிடிப்பு வேண்டும். பெற்றோலை மிச்சப்படுத்துவதற்காகப் புதிய கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். காருக்கு அது இலாபம். மோட்டார் சைக்கிளில் அதே மருந்து கிளச் தட்டுகளில் படிந்து பிடிப்பைக் கெடுத்துவிடுகிறது. சமதரையில் வெறும் வண்டியாக ஓடும்போது தெரியாது. சுமையோடு ஏற்றத்தில் ஏறும்போதுதான் எஞ்சின் கத்தும், வேகம் வராது.

இதைச் சொன்னால் எங்கள் வயதுக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "அந்தக் காலத்தில சிடி 125க்கும் சி90க்கும் கார் ஒயில்தானே ஊத்தினோம், என்ன நடந்தது?" கேள்வி நியாயமானது. அப்போதைய 20டபிள்யூ-50 கார் ஒயில்களில் இந்த மருந்து இருக்கவில்லை, அதனால் வண்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கார் ஒயில் மாறியது, நமது பழக்கம் மாறவில்லை. ஜப்பான்காரர்கள் இதைக் கவனித்து 1998இல் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்றே தனித் தரம் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதுதான் போத்தலில் ஒரு சிறு பெட்டிக்குள் "ஜாசோ" என்று காணப்படுவது. ஒயிலில் கிளச் எவ்வளவு பிடிக்கிறது என்று பரிசோதித்து, பிடிப்புக் கூடியதற்கு எம்.ஏ. என்றும் குறைந்ததற்கு எம்.பி. என்றும் பெயர் வைத்தார்கள். 2006இல் எம்.ஏ.யை இரண்டாகப் பிரித்து, கூடுதல் பிடிப்புள்ளதை எம்.ஏ.2 என்றார்கள்.

ஆகவே கிளச் பிடித்துக் கியர் மாற்றும் வண்டிக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 வேண்டும். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டரில் பெல்ட்டும் உலர் கிளச்சும் எஞ்சின் ஒயிலுக்கு வெளியே இருக்கின்றன. அதனால் எம்.பி. அதற்குப் பொருத்தம், கொஞ்சம் பெற்றோலும் மிஞ்சும். ஸ்கூட்டருக்கு எம்.ஏ. ஊற்றினால் பெரிய நட்டமில்லை. ஸ்கூட்டருக்கு வாங்கிய எம்.பி.யை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவதுதான் பிழை. எங்கள் கடையில் இரண்டு வகையும் ஒரே இறாக்கையில் இருந்தன. இப்போது ஸ்கூட்டர் போத்தலுக்குச் சிவப்பு நாடா ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கத் தரமும் போத்தலில் இருக்கும். எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என்று இரண்டாவது எழுத்து முன்னே போகப் போகத் தரம் புதியது. எஸ் என்பது பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்பது டீசலுக்கு. வண்டிப் புத்தகம் எஸ்.எல். கேட்டால் எஸ்.என். ஊற்றலாம், ஆனால் ஜாசோ எழுத்து இருக்க வேண்டும். என்னுடைய கார் ஒயிலும் எஸ்.என். தான். ஏ.பி.ஐ. எழுத்து உயர்ந்திருந்தும் கிளச்சுக்கு அது உதவவில்லை.

இனித் தடிப்பு விடயம். பாகுத்தன்மை என்று பாடசாலையில் படித்தது இதுதான். 20டபிள்யூ-50 என்றால் 20 பாகையிலிருந்து 50 பாகை வரை தாங்கும் என்று ஒருவர் எனக்கு அடித்துச் சொன்னார். அது பிழை. இந்த இலக்கங்கள் வெப்பநிலை அல்ல, தடிப்பின் வகுப்பு இலக்கங்கள். பின்னால் உள்ள 30, 40, 50 என்பவை ஒயில் 100 பாகைச் சூட்டில் இருக்கும்போது எவ்வளவு தடிப்பு என்பதைச் சொல்கின்றன. இலக்கம் கூடினால் தடிப்புக் கூடும். முன்னால் டபிள்யூவோடு வரும் இலக்கம் குளிரில் எவ்வளவு இலகுவாக அசையும் என்பது. 20டபிள்யூவை உறைநிலைக்குக் கீழே 15 பாகையிலும் 10டபிள்யூவைக் கீழே 25 பாகையிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். நுவரெலியாவில்கூட அந்தக் குளிர் கிடையாது. ஆகவே நமக்குப் பின் இலக்கம்தான் முக்கியம். ஆயினும் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மெல்லிய ஒயில் எஞ்சின் தலைக்குக் கொஞ்சம் சீக்கிரம் போய்ச் சேரும் என்பதும் உண்மை.

"இங்க சூடு கூட, தடிப்பா ஊத்துங்க" என்பது பல கராஜ்களில் கேட்கும் பேச்சு. முழுக்கச் சரியில்லை. வெளியே சூடு 30 பாகையோ 34 பாகையோ, எஞ்சினுக்குள்ளே ஒயில் அதைவிடப் பல மடங்கு சூட்டில் வேலை செய்கிறது. எந்தத் தடிப்பு என்பதைத் தீர்மானிப்பது முதலில் எஞ்சினைச் செய்தவர் விட்ட இடைவெளி. பஜாஜ் தனது சிறிய வண்டிகளுக்கு நெடுங்காலமாக 20டபிள்யூ-50 எழுதி வந்திருக்கிறது. ஹீரோவும் ஹொண்டாவும் 10டபிள்யூ-30 கேட்கின்றன. இரண்டும் ஓடுவது ஒரே நாட்டில், ஒரே வெயிலில். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 50 ஊற்றினால் எஞ்சின் உடனே உடைந்துவிடாது. ஆனால் இழுவை குறையும், பெற்றோல் கொஞ்சம் கூடும், ஸ்டார்ட் செய்தவுடன் மேலே எண்ணெய் போய்ச் சேரத் தாமதிக்கும். 50 கேட்கும் வண்டிக்கு 30 ஊற்றுவது அதைவிட மோசம். சுமையோடு ஏற்றத்தில் போகும்போது ஒயில் படலம் மெலிந்து இரும்போடு இரும்பு உரசும். என் பஜாஜுக்கு நான் செய்தது இந்த இரண்டாவது பிழையும்தான். ஒரே கானில் இரண்டு பிழை.

இன்னொன்றையும் பாஸ் சொன்னார். கியர்ப் பற்கள் ஒயிலை நசுக்கிக்கொண்டே இருப்பதால், அதைத் தடிப்பாக வைத்திருக்கும் நீண்ட மூலக்கூறுகள் வெட்டுப்பட்டுப் போகின்றன. 50 என்று ஊற்றியது கிலோமீற்றர் போகப் போக 40 அளவுக்கு இறங்கக் கூடும். அதனால் காலத்துக்கு ஒயில் மாற்றாமல் இருப்பதும் மெல்லிய ஒயில் ஊற்றுவதும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். சுமை வண்டி என்பதால் நாங்கள் 3000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுகிறோம்.

தட்டுகளைக் கழுவி, 20டபிள்யூ-50 எம்.ஏ. ஒயிலில் ஊறவைத்து, அதே தட்டுகளையே பூட்டினார் பாஸ். பழைய ஒயில் முழுவதும் போக வேண்டும் என்பதற்காக 500 கிலோமீற்றரில் இன்னொரு தடவை மாற்றச் சொன்னார். இன்றுவரை வழுக்கல் இல்லை. அன்று பின்னேரமே தம்பியைக் கூப்பிட்டு, கழித்த காசைக் கையில் கொடுத்து, பிழை என்னுடையது என்று மற்றப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொன்னேன். ஏசியதும் அவர்களுக்கு முன்னால்தானே.

இத்தோடு முடிந்திருக்கலாம். சரியான ஒயிலைக் கற்றுக்கொண்ட ஆர்வத்தில் அடுத்த பள்ளத்தில் விழுந்தேன்.

ஒயிலுக்கு நல்ல கேள்வி இருப்பதைக் கண்டு, நாமும் கொஞ்சம் வைத்து விற்றால் என்ன என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து வேன் ஒன்றில் வந்த விற்பனையாள் ஒருவர், பெயர் பெற்ற கம்பனியின் 20டபிள்யூ-50 ஒரு லீற்றர் போத்தல், பன்னிரண்டு கொண்ட பெட்டி, முகவர் தரும் விலையிலும் நூற்றுக்கு முப்பது குறைத்துத் தருவதாகச் சொன்னார். போத்தலில் எம்.ஏ. இருந்தது, எஸ்.எல். இருந்தது. எல்லாம் பார்த்தேன். விலையை மட்டும் யோசிக்கவில்லை. முகவரிடம் கூடுதலாக எடுத்தால் நூற்றுக்கு ஐந்து ஆறு குறையலாம். முப்பது குறைத்தும் ஒருவருக்கு இலாபம் மிஞ்சுகிறதென்றால் போத்தலுக்குள் இருப்பது அந்தச் சாமானாக இருக்க முடியாது. முப்பது வருடமாக மிளகாய்த்தூளில் இந்தக் கணக்குப் பார்க்கும் எனக்கு ஒயிலில் புத்தி வேலை செய்யவில்லை. இரண்டு பெட்டி எடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு "அடுத்த முறை கொண்டு வாறன் நானா" என்றார். அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும்.

நான்கு போத்தல்கள் கிராமத்துக் கடைகளுக்குப் போய்விட்டன. ஐந்தாவதைப் பாஸிடம் கொண்டு போனேன். அவர் மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை ஊத்த மாட்டேன்" என்றார். புது ஒயிலுக்கு மெல்லிய வாசம்தான் இருக்கும். இதில் கருகிய வாசமும் மண்ணெண்ணெய் போன்ற நெடியும் இருந்தன. முகவர் கடையில் சீட்டோடு ஒரு போத்தல் வாங்கி வந்து, அன்றிரவு கடை மேசையில் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

முதலில் மூடி. நல்ல போத்தலில் மூடியும் அதன் கீழ் வளையமும் சிறு பிளாஸ்டிக் பாலங்களால் இணைந்திருக்கும், முதல் தடவை திருகும்போது அவை உடையும். என் போத்தல்களில் சிலவற்றின் பாலங்கள் ஏற்கெனவே உடைந்து, வளையம் தனியாகச் சுற்றியது. இரண்டு மூடிகளின் நிறமே வேறு. மூடிக்குள் இருக்கும் ஈயத்தாள் மூடல், நல்ல போத்தலில் வாய் விளிம்போடு ஒரே சீராக உருகி ஒட்டியிருந்தது. மற்றதில் பசை வழிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் முழுத்தாளாகக் கழன்று வந்தது. திறக்காத போத்தலாக இருந்தும் திருகுப் பள்ளங்களில் ஒயில் பிசுக்கு இருந்தது.

ஆனால் என்னைத் தூக்கிப் போட்டது திகதிதான். கம்பனியில் ஒரே வரிசையில் நிரப்பி ஒரே பெட்டியில் போடும் போத்தல்களில் தொகுதி இலக்கம் ஒன்றாகவோ மிக நெருங்கியோ இருக்கும், பெட்டியில் அச்சிட்ட இலக்கத்தோடும் ஒத்துப்போகும். என் ஒரு பெட்டிக்குள் ஐந்து விதமான உற்பத்தித் திகதிகள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஒன்றரை வருடம்கூட வித்தியாசம். அப்போதுதான் விளங்கியது. போத்தலும் லேபலும் அசல்தான். யாரோ குடித்து எறிந்த சோடாப் போத்தலைப் போல, ஒயில் மாற்றிய பிறகு கராஜ்களில் கிடந்த வெறும் போத்தல்களைச் சேர்த்து, கழுவி, நிரப்பி, புது மூடல் ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே "லேபல் அச்சு நல்லா இருக்கு, எழுத்துப் பிழை இல்ல" என்று திருப்திப்படுவதில் பயனில்லை. இதற்கு நேர்மாறாக, போத்தலையே புதிதாக வார்த்து அடிக்கும் போலியில் எல்லாத் தொடர் இலக்கமும் ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொரு போத்தலுக்கும் தனி இரகசிய இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு போத்தலுக்கு ஒரே இலக்கம் வந்தால் அதுவும் போலிதான்.

தராசு நம்மிடம் எப்போதும் இருக்கிறதே. ஒரு லீற்றர் ஒயிலின் நிறை ஏறக்குறைய 870 முதல் 890 கிராம் வரை, அதற்கு மேல் போத்தலின் நிறை. முகவரிடம் வாங்கிய போத்தல் மூடியோடு 955 கிராம். வேன்காரரின் போத்தல்கள் 890, 912, 931 என்று ஆளுக்கொரு நிறை. இயந்திரம் நிரப்பினால் இப்படி ஏற்ற இறக்கம் வராது.

கடைசியாக, கண்ணாடியால் ஆன ஒரே அளவு மருந்துப் போத்தல்கள் இரண்டில் ஒவ்வொன்றையும் கழுத்துவரை ஊற்றி, கொஞ்சம் காற்று விட்டு மூடி, ஒரே நேரத்தில் தலைகீழாகப் பிடித்தேன். 20டபிள்யூ-50இல் காற்றுக் குமிழி சோம்பலாக ஏறும். மற்றதில் அது பாதி நேரத்தில் மேலே போய்விட்டது. இரண்டையும் ஒரே இடத்தில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டுச் செய்ய வேண்டும், ஒன்று வெயிலில் இருந்தால் கணக்குப் பிழைக்கும். இதிலும் ஒரு வரம்பு உண்டு. குமிழி மிக வேகமாக ஏறினால் தடிப்பு அந்த வகுப்பு இல்லை என்று பலமாகச் சந்தேகிக்கலாம். இரண்டும் சமமாக ஏறியது என்பதால் ஒயில் அசல் என்று ஆகாது. மருந்து எதுவும் சேர்க்காத வெறும் ஒயிலும் அதே தடிப்பில் இருக்கலாம். அதை ஆய்வுகூடம்தான் சொல்லும். நிறத்தையும் நம்ப வேண்டாம், சாயம் மலிவு. ஓடிய பிறகு ஒயில் சீக்கிரம் கறுத்துவிட்டது என்பதை வைத்தும் போலி என்று முடிவு கட்டக் கூடாது. அழுக்கைக் கழுவி எடுக்கும் நல்ல ஒயிலும் கறுக்கத்தான் செய்யும்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த நான்கு போத்தல்களைத் தேடிப் போனேன். மூன்று கடை இறாக்கையில் இருந்தன. நான்காவதை ஒரு முச்சக்கர வண்டிக்காரர் வாங்கி ஊற்றிவிட்டிருந்தார். அவருடைய வண்டியும் 20டபிள்யூ-50 ஓடுவதுதான். ஆளைக் கண்டுபிடித்து, பாஸிடம் அழைத்துப்போய், அதை வடித்துவிட்டு நல்லதை ஊற்றிக் கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் பிடித்த பிறகு அவர் என்னைத் தேடி வருவதைவிட அது நல்லது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்துச் சொன்னேன். எங்கே வாங்கினீர்கள், பற்றுச்சீட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது வேன்காரரின் கைபேசி இலக்கம் மட்டும், அதுவும் அன்றைக்கே வேலை செய்யவில்லை. இரண்டு பெட்டிக் காசும் போனது போனதுதான்.

ஒயில் விற்க நினைப்பவர்களுக்கு ஒன்று. இந்நாட்டில் ஒயில் இறக்குமதி செய்யவும் கலந்து அடைக்கவும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பெயர்களைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தனது இணையத்தளத்தில் வெளியிட்டு வந்திருக்கிறது. போத்தலில் உள்ள நிறுவனத்தின் பெயரை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த நிறுவனத்துக்கே தொலைபேசி எடுத்து உங்கள் பகுதி முகவர் யார் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்தது.

மீதி இருந்த போத்தல்களைப் பாஸின் கராஜிலேயே உடைத்தோம். அவருடைய மூலையில் வெறும் போத்தல்கள் சாக்கு நிறையக் கிடந்தன. மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் வந்து, ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, அதுவும் மூடியோடு இருந்தால்தான் எடுப்பார் என்று சொன்னார். சொல்லி முடித்துவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சாக்கை இழுத்து வந்து, ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு போத்தலின் அடியிலும் குத்தத் தொடங்கினார். இப்போது நாங்களும் ஒயில் மாற்றியதும் வெறும் போத்தலின் லேபலைக் குறுக்கே கீறி, அடியில் ஓட்டை போட்ட பிறகுதான் எறிகிறோம். அந்த வேலையைத் தம்பிதான் செய்கிறான்.